கீசரின் உருவமும் ஒட்டுச்சீட்டும்: உங்கள் குளியலறைக்கு எத்தனை லிட்டர்?

குளியலறைச் சுவரில் தொங்கும் மின்சாரக் கீசரைப் பற்றி முதலில் தெரிய வேண்டியவை இரண்டு. அது தண்ணீரைச் சூடாக்கிச் சேமித்து வைக்கும் வகையா, குழாயைத் திறந்ததும் ஓடும் தண்ணீரையே சூடாக்கி அனுப்பும் வகையா என்பது ஒன்று. அதன் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும், அது உங்கள் வீட்டுக்குப் போதுமா என்பது மற்றொன்று. புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, வாடகை வீட்டில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் கீசரோடு குடியேறுகிறவர்களுக்கும் இந்த இரண்டும் தெரிந்தால் மார்கழிக் காலையில் பாதிக் குளியலில் தண்ணீர் ஆறிப்போகாது.

"நான்கு பேர் இருக்கிறீர்களா? இருபத்தைந்து லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கடையில் சொல்வது வழக்கம். தலைகளை எண்ணி லிட்டரைச் சொல்லும் இந்த முறையில் எனக்கு உடன்பாடில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, குளிப்பது வாளியிலா ஷவரிலா, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே எத்தனை நிமிட இடைவெளி என்ற மூன்றும்தான் லிட்டரைத் தீர்மானிக்கின்றன. அந்தக் கணக்குக்குப் போகும் முன், சுவரில் இருப்பது என்ன கீசர் என்று பார்த்துவிடுவோம்.

உருவம் சொல்வது

உடனடிக் கீசர் ஒல்லியாகவும் சிறியதாகவும் இருக்கும். ஏறத்தாழ 35 முதல் 40 சென்டிமீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் அகலம். ஒரு கையால் தூக்கிவிடலாம். இவற்றில் பெரும்பாலானவை 1 லிட்டர் அல்லது 3 லிட்டர். சில 5 லிட்டர். சேமிப்புக் கீசர் பருத்த உருளை. 15 லிட்டர் கீசர் ஏறத்தாழ 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரமும், 25 லிட்டர் கீசர் 50 சென்டிமீட்டருக்குச் சற்று மேலும் இருக்கும். இரண்டின் விட்டத்திலும் பெரிய வேறுபாடு தெரியாது. அதனால் தனித்தனியாகப் பார்க்கும்போது பலரால் 15 எது, 25 எது என்று சொல்ல முடிவதில்லை.

வெளி உருவத்தைப் பார்த்து உள்ளே இருக்கும் தண்ணீரின் அளவை மதிப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. வெளியே தெரிவது தொட்டி அல்ல, மேலுறை. அதற்குள் சில சென்டிமீட்டர் தடிமனில் வெப்பக்காப்பு நுரை, அதற்கும் உள்ளே எஃகுத் தொட்டி. அடிப்பக்கத்து மூடிக்குள் தெர்மோஸ்டாட்டும் வயர் இணைப்புகளும் இடம் பிடித்துக்கொள்கின்றன. 34 சென்டிமீட்டர் விட்டமும் 42 சென்டிமீட்டர் உயரமும் உள்ள உருளையின் கொள்ளளவைக் கணக்கிட்டால் 38 லிட்டர் வரும். அந்த அளவு மேலுறைக்குள் இருப்பதோ 15 லிட்டர் தொட்டியாக இருக்கலாம். பொதுவாக வெளிக் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கிலிருந்து பாதி வரைதான் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது பரவலாக விற்கும் சதுர உடல் கீசர்களில் இந்தப் பங்கு இன்னும் குறையும். மேலுறைதான் சதுரம், அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் உள்ளே இருக்கும் தொட்டி பெரும்பாலும் உருளைதான். மூலைகளில் நிறைந்திருப்பது நுரை.

இன்னொரு வகை, கூரையை ஒட்டிப் படுத்த நிலையில் மாட்டியிருக்கும் கீசர். உயரம் குறைந்த குளியலறைகளுக்கும் பொய்க்கூரைக்கு மேலே மறைத்து வைப்பதற்கும் இது வசதி. ஆனால் ஒரே லிட்டர் அளவில், நின்ற கீசர் தரும் அளவுக்கு இது சூடான தண்ணீர் தருவதில்லை. காரணம் எளியது. சூடான தண்ணீர் எடை குறைந்ததால் மேலே நிற்கும். நாம் குழாயைத் திறக்கும்போது குளிர்ந்த தண்ணீர் அடியில் நுழைந்து அதை மேலே தள்ளிக்கொண்டே வரும். உயரமான தொட்டியில் இரண்டும் கலக்காமல் நெடுநேரம் அடுக்காக நிற்கும். படுத்த தொட்டியில் உயரம் குறைவு, இரண்டும் சந்திக்கும் பரப்பு அதிகம், அதனால் விரைவில் கலந்து வெதுவெதுப்பாகிவிடும். நின்ற நிலைக்கென்று செய்த கீசரைப் படுக்கவைத்து மாட்டவும் கூடாது. தொட்டிக்குள் சூடான தண்ணீரை எடுக்கும் குழாய் உச்சி வரை நீண்டிருக்கும். படுக்கவைத்தால் அது உச்சியில் நிற்காது. காற்று தங்கித் தொட்டி முழுதாக நிரம்பாமல் போகலாம். ஹீட்டர் காயில் தண்ணீருக்கு வெளியே நின்று கருகவும் கூடும்.

தட்டையான தகரப் பெட்டி, முன்பக்கம் தீச்சுடர் தெரியும் சிறு கண்ணாடி, மேலே புகை வெளியேறும் துளை, கீழே பேட்டரி வைக்கும் இடம் என்று இருந்தால் அது மின்சாரக் கீசரே அல்ல, எரிவாயுக் கீசர். காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் அதைப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்து. எரிவாயு எரியும்போது உண்டாகக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வாடகை வீட்டில் அப்படி ஒன்றைக் கண்டால் முதல் வேலையாக அதைக் குளியலறைக்கு வெளியே மாற்றச் சொல்லுங்கள்.

ஒட்டுச்சீட்டு சொல்வது

உருவம் ஊகத்துக்கு உதவும். உறுதி தருவது ஒட்டுச்சீட்டுதான். பெரும்பாலான கீசர்களில் அது பக்கவாட்டிலோ அடிப்பக்கத்திலோ வெள்ளி நிறத்தில் ஒட்டியிருக்கும். சுவரோரமாகத் திரும்பியிருந்தால் கைப்பேசியை இடுக்கில் நீட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலில் தேட வேண்டியது லிட்டர் எண். சேமிப்புக் கீசர்கள் 6, 10, 15, 25, 35, 50 என்ற அளவுகளில் வருகின்றன. அதற்கு மேலும் பெரியவை உண்டு. அடுத்தது வாட். வீட்டுச் சேமிப்புக் கீசர்களில் 2000 வாட்டைத்தான் அதிகம் பார்க்கலாம். உடனடிக் கீசர்களில் 3000 அல்லது 4500. லிட்டர் எண் சிறியதாகவும் வாட் எண் பெரியதாகவும் இருந்தால் அது உடனடி வகை என்று தயங்காமல் சொல்லலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு அருகே ஐ.எஸ். 2082 என்ற எண் தெரிந்தால் அது சேமிப்பு வகை. அந்த வகைக்கான இந்தியத் தரநிலையின் எண் அது.

வாட் எண்ணை வயரிங்குக்காகவும் பார்க்க வேண்டும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவும், 3000 வாட் கீசர் 13 ஆம்பியரும் இழுக்கும். இரண்டுக்கும் மூன்று முள் கொண்ட பெரிய 16 ஆம்பியர் பிளக் போதும். 4500 வாட் கீசர் இழுப்பது ஏறத்தாழ 20 ஆம்பியர். அதை 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் சாக்கெட் உருகும். அதற்குத் தடித்த வயரும் தனி எம்.சி.பி.யும் எலக்ட்ரீஷியன் போட்டுத் தர வேண்டும்.

சேமிப்புக் கீசர்களின் முன்பக்கத்தில் நட்சத்திரக் குறியீடு இருக்கும். மின்சிக்கன ஆணையமான பி.இ.இ. தரும் இந்தக் குறியீட்டைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐந்து நட்சத்திரக் கீசர் தண்ணீரை விரைவாகச் சூடாக்காது. சூடாக்கும் நேரத்தில் குறைந்த மின்சாரம் எடுப்பதும் இல்லை. 15 லிட்டரைச் சூடாக்க ஒரு நட்சத்திரக் கீசருக்கு எவ்வளவு வேண்டுமோ ஏறத்தாழ அதேதான் ஐந்து நட்சத்திரத்துக்கும். நட்சத்திரம் அளப்பது நிலை இழப்பை: சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரி சூடாக வைத்திருந்தால் 24 மணி நேரத்தில் சும்மா கசிந்து போகும் வெப்பம் எத்தனை யூனிட் என்பதை. கீசரை நாளெல்லாம் போட்டே வைத்திருக்கும் வீட்டிலும், காலையில் சூடாக்கிய தண்ணீரை மதியம் வரை பயன்படுத்தும் வீட்டிலும் நட்சத்திரம் பணத்தை மிச்சப்படுத்தும். குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் அணைக்கும் வீட்டில் அதன் பயன் குறைவு. அந்த வீட்டில் நட்சத்திரத்தைவிடச் சரியான லிட்டரைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம்.

சீட்டு அழிந்திருந்தால்

பழைய வாடகை வீடுகளில் நீராவி பட்டுப் பட்டு ஒட்டுச்சீட்டு வெளுத்துப்போயிருக்கும். அப்போது மின்மீட்டரை வைத்தே தொட்டியின் அளவைக் கண்டுபிடிக்கலாம். வாட் கூடத் தெரிய வேண்டியதில்லை.

ஒரு யூனிட் மின்சாரம் ஒரு லிட்டர் தண்ணீரை 860 டிகிரி உயர்த்தும் அளவு வெப்பம் தரும். ஒரு லிட்டரால் அத்தனை டிகிரி ஏற முடியாது என்றாலும் கணக்குக்கு இந்த எண் வசதியானது. அதே யூனிட் 20 லிட்டரை 43 டிகிரி உயர்த்தும். பெருக்கினால் மறுபடியும் 860.

செய்முறை இது. முந்தைய இரவே கீசரை அணைத்துவிட்டு, சூடான தண்ணீர்க் குழாயைத் திறந்து, குளிர்ந்த தண்ணீர் வரும் வரை ஓடவிடுங்கள். காலையில் வீட்டில் ஃபிரிட்ஜ் முதல் மின்விசிறி வரை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் எண்ணைத் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கம் உட்படக் குறித்துக்கொள்ளுங்கள். கீசரைப் போட்டு, சூடேறுவதைக் காட்டும் விளக்கு தானாக அணையும் வரை குழாயைத் திறக்காமல் காத்திருங்கள். பிறகு மீட்டரை மறுபடியும் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் 24 டிகிரியில் இருந்து, தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் அணைந்திருந்தால் உயர்வு 36 டிகிரி. 0.6 யூனிட் ஓடியிருந்தால் 0.6 பெருக்கல் 860, வகுத்தல் 36. விடை 14 சொச்சம். ஆகவே அது 15 லிட்டர் கீசர். ஒரு யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால் 25. தெர்மோஸ்டாட் அணையும் வெப்பநிலை ஐந்து டிகிரி முன்பின் இருந்தாலும் 15ஐயும் 25ஐயும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. வேறுபாடு அவ்வளவு பெரியது.

போதுமான லிட்டர் எது

கோயம்புத்தூரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர், ஒரே குளியலறை, 20 லிட்டர் வாளியில் ஆளுக்கு ஒரு வாளி. டிசம்பர் காலையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் 24 டிகிரி என்று வைப்போம். உடலுக்கு இதமான குளியல் தண்ணீர் ஏறத்தாழ 41 டிகிரி. கீசர் தருவது 60 டிகிரி. அப்படியே ஊற்றிக்கொண்டால் தோல் வெந்துவிடும் என்பதால் குளிர்ந்த தண்ணீரோடு கலக்கிறோம்.

எவ்வளவு கலக்க வேண்டும்? 24லிருந்து 41க்குப் போக 17 டிகிரி வேண்டும். கீசர் தண்ணீர் 24ஐவிட 36 டிகிரி சூடானது. 17ஐ 36ஆல் வகுத்தால் 0.47. வாளியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 9.4 லிட்டர் சூடான தண்ணீரும் மீதி குளிர்ந்த தண்ணீரும். ஒரு வாளிக் குளியலுக்குக் கீசரிலிருந்து எடுப்பது பத்து லிட்டருக்கும் குறைவுதான் என்பதை இந்த இடத்தில் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

15 லிட்டர் கீசரில் 15 லிட்டரும் சூடாகவே வெளிவராது. அடியில் நுழையும் குளிர்ந்த தண்ணீர் மெல்லக் கலந்துவிடுவதால் நின்ற தொட்டியில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 12 லிட்டர்தான் நல்ல சூட்டோடு கிடைக்கும். முதல் ஆளுக்கு 9.4 லிட்டர் கிடைத்துவிட்டது. அடுத்தவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

இதற்கும் ஓர் எளிய எண் இருக்கிறது. 2000 வாட் கீசர் ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டரை 28 டிகிரி உயர்த்தும். எனவே லிட்டரையும் டிகிரியையும் பெருக்கி 28ஆல் வகுத்தால் நிமிடம் வந்துவிடும். புதிதாக உள்ளே வந்த 9.4 லிட்டரை 36 டிகிரி உயர்த்த வேண்டும்: 12 நிமிடம். முதல் ஆள் வாளியை நிரப்பிக் குளித்துத் துவட்டிக்கொண்டு வெளியே வர அநேகமாக அதே நேரம்தான் ஆகும். கீசரை அணைக்காமல் விட்டால் அடுத்தவருக்கு அது தயாராக இருக்கும். ஆக, நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வாளியில் குளிக்கும் இந்த வீட்டுக்கு 15 லிட்டரே போதும். 25 வாங்கினால் தவறில்லை. ஆனால் முதல் ஆள் 19 நிமிடத்துக்குப் பதில் 32 நிமிடம் காத்திருக்க வேண்டும். கடைசி ஆள் குளித்து முடித்ததும் மீந்து நிற்கும் சூடான தண்ணீரும் அதிகம்.

இதே நான்கு பேர் ஊட்டிக்குக் குடிபோகிறார்கள். அங்கே குளிர்காலக் காலையில் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 29 டிகிரி உயர வேண்டும். கீசர் தண்ணீருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 48. வாளியில் 12 லிட்டர் சூடான தண்ணீர் வேண்டும். 15 லிட்டர் கீசரின் பயன்படும் அளவு முதல் வாளியிலேயே தீர்ந்துவிட்டது. மறுபடி சூடேற 12 பெருக்கல் 48, வகுத்தல் 28. ஏறத்தாழ 21 நிமிடம். மூன்றாவது ஆள் பள்ளிப் பேருந்தைத் தவறவிடுவார். அங்கே 25 லிட்டர்தான் பொருத்தம். ஆட்கள் மாறவில்லை, வாளி மாறவில்லை. குழாயில் வரும் தண்ணீரின் குளிர்ச்சி மட்டுமே மாறியது.

ஷவர் என்றால் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் 8 நிமிடம் நின்றால் 64 லிட்டர். கோயம்புத்தூர்த் தண்ணீருக்கே அதில் 30 லிட்டர் கீசரிலிருந்து வர வேண்டும். 25 லிட்டர் கீசரின் 20 லிட்டரும், குளித்துக்கொண்டிருக்கும்போதே சூடேறும் ஆறு லிட்டரும் சேர்ந்தாலும் கடைசி ஒரு நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடும். 35 லிட்டர் வாங்கலாம்; அல்லது நிமிடத்துக்கு 6 லிட்டர் மட்டும் தரும் ஷவர் தலையை மாட்டி 25 லிட்டரிலேயே நிம்மதியாகக் குளிக்கலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். ஷவர் தலை கீசரைவிட மலிவு, தண்ணீரும் மிச்சம்.

உடனடிக் கீசரில் லிட்டர் எண்ணை வைத்து முடிவெடுக்கவே கூடாது. 3 லிட்டர் என்பது முதல் குவளைகளுக்கு மட்டும். அதன் பிறகு வருவது முழுக்க வாட்டைப் பொறுத்தது. 3000 வாட் கீசர் நிமிடத்துக்கு ஒரு லிட்டரை 43 டிகிரி உயர்த்தும். கோயம்புத்தூரில் 17 டிகிரி மட்டும் உயர்த்தினால் போதும் என்பதால் நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் இதமான தண்ணீர் வரும். வாளி எட்டு நிமிடத்தில் நிறையும். காத்திருக்கும் நேரமே இல்லாததால் ஒருவரோ இருவரோ வாழும் வீட்டுக்கு இது நல்ல தேர்வு. ஊட்டியில் அதே கீசர் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தரும். வாளி நிறைய 13 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வாளியில் விழுந்த தண்ணீரே ஆறத் தொடங்கும். ஷவருக்கு எந்த ஊரிலும் இது உதவாது.

அளவு சரி, தண்ணீர் போதவில்லை என்றால்

சீட்டில் 25 என்று தெளிவாக இருக்கும். விளக்கும் முறையாக அணையும். ஆனால் ஒரு வாளி நிறைவதற்குள் சூடு போய்விடும். பெரிய கீசர் வாங்கலாமா என்று யோசிக்கும் முன் கீசரின் அடியில் இருக்கும் இரண்டு குழாய்களைப் பாருங்கள். நீல வளையம் உள்ளது குளிர்ந்த தண்ணீர் நுழையும் வழி. பாதுகாப்பு வால்வு அந்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். சிவப்பு வளையம் உள்ளது சூடான தண்ணீர் வெளியேறும் வழி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நீளத்தில் தெரியும். தொட்டிக்குள் நீலம் அடியிலேயே நின்றுவிடும், சிவப்பு உச்சி வரை போகும். பிளம்பர் இவற்றை மாற்றி இணைத்திருந்தால் குளிர்ந்த தண்ணீர் உச்சியில் கொட்டிச் சூட்டைக் கலைக்கும். நாம் எடுப்பதோ அடித்தண்ணீர். பழைய கீசர்களில் உள்ளே இருக்கும் நீண்ட குழாய் துருப்பிடித்து ஒடிந்தாலும் இதே கதிதான்.

கீசரை அணைத்துவிட்டு, குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, இரண்டு இணைப்புக் குழாய்களையும் புறங்கையால் ஒரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்கள். சிவப்பு சுட்டு, நீலம் குளிர்ந்திருந்தால் இணைப்பு சரி. நீலம் சுட்டால் புதுக் கீசர் வாங்க வேண்டியதில்லை. பிளம்பரை அழைத்து இரண்டையும் இடம் மாற்றச் சொன்னால் போதும்.